குறி போடட்டும், அழிக்க வேண்டாம்

வீடியோ எடுப்பது இன்று எளிது. எடுத்ததில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்பதுதான் பெரும் வேலை. இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்கிறார்கள். கை ஆடிய காட்சி, மங்கலான காட்சி, வெளிச்சம் கூடியோ குறைந்தோ கெட்டுப்போன காட்சி ஆகியவற்றை ஒரு புரோகிராம் தானே கண்டுபிடித்துத் தரும். அப்படி ஒன்றை நானே எழுதினேன். அது செய்த தவறையும், அந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கி, செல்போனில் இருக்கும் வீடியோக்களை அதில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்.

மடத்துக்குளம் பக்கம் உள்ள கணியூரில் என் மாமா ஒரு சிறிய நிட்டிங் யூனிட் நடத்துகிறார். பக்கத்திலேயே கட்டிங், பவர் டேபிள், செக்கிங் எல்லாம் உண்டு. ஆர்டர் கொடுக்க வந்த ஒருவர், யூனிட் எப்படி இருக்கிறது என்று மூன்று நிமிட வீடியோ அனுப்பச் சொன்னார். மாமாவும் அவர் மகனும் செல்போனில் இரண்டு நாட்கள் எடுத்தார்கள். 48 ஃபைல்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு மணி 40 நிமிடம் ஆகும். செல்போனில் இடம் இல்லாததால், ஃபைல்களை என் கம்ப்யூட்டரில் காப்பி செய்துவிட்டுப் போனில் இருந்தவற்றை அழித்துவிட்டார்கள்.

நான் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு மதிப்பெண் போட்டது. மதிப்பெண் 100க்குக் கீழே போனால் "மங்கல்" என்று ஒரு குறிப்பில் எழுதியது. அதே போல "ஆட்டம்", "வெளிச்சம்" என்றும் காரணம் எழுதியது. அத்தோடு நிற்காமல், அந்த ஃபைலை அழிக்கவும் செய்தது. அழிக்கும் அந்த ஒரு வரியைச் சேர்த்தது நான்தான். ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சமாகுமே என்று நினைத்தேன். 48இல் 19 போயின.

மறுநாள் மாமா வந்து பார்த்தார். "ஏன் மாப்ளே, அந்தப் பழைய மெசின் ஓடறதைக் காணோம்?" என்றார்.

"மங்கலா இருந்துச்சுங்க மாமா, அதான் போயிருச்சு."

"மங்கலா? செல்லுல பார்த்தப்ப பளிச்சுன்னுதானே இருந்துச்சு!"

அவர் முதன்முதலில் வாங்கிய மெசின் அது. படம் எடுத்த மறுநாளே அதை விற்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். திரும்ப எடுக்க வழியில்லை. மீட்பு மென்பொருள் ஒன்றை வைத்து ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியதில் 19இல் 15 திரும்பக் கிடைத்தன. கிடைக்காத நான்கில் ஒன்று அந்தப் பழைய மெசின்.

கிடைத்த 15ஐயும் உட்கார்ந்து பார்த்தேன். 7 உண்மையிலேயே மோசம். மீதி 8இல் ஒரு குறையும் இல்லை. அழியாமல் "நல்லவை" என்று தப்பிய 29ஐயும் பார்த்தேன். அவற்றில் 4 மோசமாக இருந்தன. நல்லதை அழித்து, கெட்டதை வைத்திருக்கிறது என் புரோகிராம். ஏன் என்று பார்ப்போம்.

மங்கலை எப்படி அளக்கிறது?

வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள். ஒவ்வொரு படமும் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. புரோகிராம் ஒரு புள்ளியை எடுத்து, அதன் மேல், கீழ், இடம், வலம் இருக்கும் நான்கு புள்ளிகளோடு ஒப்பிடுகிறது. நான்கையும் கூட்டி, நடுப் புள்ளியின் நான்கு மடங்கைக் கழிக்கிறது.

நடுவில் 200, சுற்றிலும் 200 என்றால் விடை 0. அங்கே கோடோ விளிம்போ இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் 40 இருந்தால் விடை -160. அங்கே கூர்மையான விளிம்பு இருக்கிறது. அதே விளிம்பு மங்கலாகப் படம் பிடிக்கப்பட்டிருந்தால் வெளிச்சம் படிப்படியாகக் குறையும். பக்கத்துப் புள்ளி 40க்குப் பதில் 180 ஆக இருக்கும். விடை வெறும் -20. படம் முழுக்க இப்படிக் கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று பார்த்தால் அதுதான் மதிப்பெண். கூர்மையான படத்தில் அது அதிகம், மங்கலான படத்தில் குறைவு.

இதற்கு லாப்லாசியன் மாறுபாட்டு முறை என்று பெயர். இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. பலரும் இந்த முறைக்கு மேற்கோள் காட்டும் கட்டுரை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெக்-பச்சேகோவும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய அக்கட்டுரையின் பொருள், மைக்ராஸ்கோப்பில் டயாட்டம் எனும் நுண்பாசிகளைத் தானாக ஃபோகஸ் செய்வது. கண்ணாடித் தகட்டில் இருப்பது ஒரே பாசி. லென்ஸை மேலும் கீழும் நகர்த்தி, எந்த இடத்தில் மதிப்பெண் உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அதாவது ஒரே பொருளின் பல படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை அது.

நானோ பனியன் துணியையும் நூல் கோனையும் ஒரே தராசில் வைத்து, எல்லாவற்றுக்கும் 100 என்று பாஸ் மார்க் போட்டுவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

வெள்ளைத் துணியும் நூல் கோனும்

செக்கிங் டேபிளில் வெள்ளை நிற சிங்கிள் ஜெர்சி துணி விரித்திருக்கும் காட்சியை மூன்று முறை எடுத்திருந்தார்கள். மதிப்பெண்கள் 22, 61, 58. துணி ஒரே வெள்ளை. அதில் கோடு இல்லை, பூ இல்லை. எவ்வளவு கூர்மையாக எடுத்தாலும் ஒப்பிட விளிம்பே கிடையாது. ஆகவே மூன்றுமே 100க்குக் கீழே, மூன்றும் அழிந்தன. உண்மையில் கெட்டுப்போனது 22 வாங்கியது மட்டும்தான். அதில் செல்போன் ஃபோகஸ் கிடைக்காமல் தடுமாறியிருந்தது. மற்ற இரண்டிலும் துணியின் கண்ணி வரை தெரிந்தது.

கோன் ஸ்டாண்டில் கதை தலைகீழ். வரிசை வரிசையாகக் கோன்கள், கம்பிகள், நூல் இழைகள் என்று எங்கு பார்த்தாலும் விளிம்பு. அங்கே மூன்று டேக்குகளின் மதிப்பெண்கள் 900, 870, 310. கடைசியில் கை அசைந்து இழைகள் கலங்கித் தெரிந்தன. இருந்தும் 310 என்பது 100க்கு மேல் என்பதால் அது "நல்லது" என்று தப்பிவிட்டது.

பாஸ் மார்க்கை 50 ஆகக் குறைத்தால் துணி தப்பும், கோன் தவறு நீடிக்கும். 400 ஆக்கினால் கோன் சரியாகும், துணி முழுவதும் போகும். எந்த எண்ணை வைத்தாலும் இதே கதிதான். ஒரே காட்சியின் டேக்குகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவதே வழி. துணி வரிசையில் உச்சம் 61, அதில் பாதி ஏறக்குறைய 30. அதற்குக் கீழே இருப்பது 22 மட்டும். கோன் வரிசையில் உச்சம் 900, பாதி 450. அதற்குக் கீழே இருப்பது 310 மட்டும். இரண்டு இடத்திலும் சரியான விடை வந்துவிட்டது. "உச்சத்தில் பாதி" என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் வீடியோவுக்கு இதைச் சற்று முன்பின் மாற்றிப் பார்க்கலாம்.

சுற்றுவது மெசினா, கேமராவா?

அடுத்தது ஆட்டம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே காட்சி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று புரோகிராம் அளக்கும். நகர்வு அதிகமென்றால் "கை ஆடிவிட்டது" என்று முடிவு கட்டும். கல்யாண மேடையில் இது ஓரளவு சரிவரும். வட்ட நிட்டிங் மெசினுக்கு முன்னால் சரிவராது. சிலிண்டரும் அதன் கீழே இறங்கும் துணியும் நிமிடத்துக்கு இருபது, முப்பது சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நின்றாலும், படத்தின் பெரும்பகுதி நகர்கிறது என்று பார்த்து "ஆட்டம்" என்று எழுதிவிடும்.

இரண்டையும் பிரித்து அறிய வழி உண்டு. கை ஆடினால் படம் முழுவதும் ஒன்றாக ஆடும். பின்சுவரும் தூணும் தரையும் சேர்ந்து ஆடும். மெசின் ஓடினால் நடுப்பகுதி மட்டும்தான் நகரும். ஆகவே இரண்டாம் முறை எழுதும்போது படத்தின் நான்கு மூலைகளை மட்டும் அளக்கச் செய்தேன். நான்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்ந்தால் அது கேமரா அசைவு. அந்த அசைவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கேமராவை வேண்டுமென்றே இடமிருந்து வலமாகத் திருப்பினால் நகர்வு ஒரே திசையில் சீராகப் போகும். கை நடுக்கம் என்றால் திசை ஒரு வினாடிக்குள் பலமுறை மாறும். திசை மாறுவதைக் கணக்கிட்டால் நடுக்கம் மட்டும் தனியே பிடிபடும். மெசினை மிக நெருக்கத்தில் எடுத்து, அதுவே நான்கு மூலைகளையும் நிறைத்துவிட்டால் இந்த வழியும் பலிக்காது. அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்திலும் இதே கதை

படத்தின் சராசரி வெளிச்ச எண்ணைப் பார்த்து, அதிகமென்றால் "கூடிவிட்டது", குறைவென்றால் "இருட்டு" என்று எழுதுவது வழக்கம். வெள்ளைத் துணி நிறைந்த படத்தில் சராசரி உயரத்தான் செய்யும். கறுப்புச் சாயத் துணி நிறைந்த படத்தில் இறங்கத்தான் செய்யும். அது துணியின் நிறம், படத்தின் குறை அல்ல.

பார்க்க வேண்டியது சராசரியை அல்ல. எத்தனை புள்ளிகள் 250ஐத் தாண்டி வெந்துபோயிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அந்த இடங்களில் துணியின் இழை, மடிப்பு எதுவும் பதிவாகியிருக்காது. பிறகு எந்த எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தாலும் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். எங்கள் துணிக் காட்சிகளில் சரியானவற்றில் இப்படி வெந்த புள்ளிகள் நூற்றுக்கு 2. ஜன்னல் ஓரம் எடுத்ததில் நூற்றுக்கு 31. மங்கலுக்குப் பொதுவான பாஸ் மார்க் கூடாது என்றேன். வெந்துபோன வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் போன விவரம் எந்தத் துணியிலும் திரும்பாது. அப்போதும் வெந்தது துணியா, பின்னால் இருக்கும் ஜன்னலா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஜன்னல் வெந்தால் பாதகமில்லை.

இருட்டில் வேறொரு ஏமாற்று உண்டு. வெளிச்சம் போதாத இடத்தில் செல்போன் எடுக்கும் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறுபடுவதால், மேலே சொன்ன கணக்கு அதைக் கூர்மை என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றிவிடும். இருட்டான காட்சி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்களே செய்து பார்க்க

கம்ப்யூட்டரில் பைத்தான் நிறுவியிருந்தால், கமாண்ட் விண்டோவில் `pip install opencv-python` என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பின்னர் கீழே உள்ள வரிகளை நோட்பேடில் டைப் செய்து `paar.py` என்ற பெயரில் சேமித்திடுங்கள். வரியின் முன்னால் உள்ள இடைவெளிகள் முக்கியம், அப்படியே இருக்கட்டும்.

```python
import cv2, sys
v = cv2.VideoCapture(sys.argv[1])
n = 0
while True:
    ok, f = v.read()
    if not ok:
        break
    if n % 15 == 0:
        g = cv2.cvtColor(cv2.resize(f, (640, 360)), cv2.COLOR_BGR2GRAY)
        k = cv2.Laplacian(g, cv2.CV_64F).var()
        print(n, round(k), round((g > 250).mean() * 100))
    n += 1
```

வீடியோவும் இதே போல்டரில் இருக்கட்டும். `python paar.py clip1.mp4` என்று கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் வரும். முதலாவது எத்தனையாவது படம் என்பது. வினாடிக்கு 30 படம் என்றால் அந்த எண்ணை 30ஆல் வகுத்தால் எந்த வினாடி என்று தெரிந்துவிடும். இரண்டாவது கூர்மை மதிப்பெண். மூன்றாவது நூற்றுக்கு எத்தனை புள்ளிகள் வெந்தன என்பது. ஆட்டத்தை இது அளக்காது. ஒரு ஃபைலுக்கு ஒரே மதிப்பெண் வேண்டுமென்றால், எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஓரிரண்டு வினாடித் தடுமாற்றம் அதை இழுத்துவிடும். படத்தைச் சிறிதாக்கி அளப்பதால் மிக லேசான மங்கல் இதில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் புரோகிராம் எண்களை மட்டும்தான் சொல்லும். எந்த ஃபைலையும் தொடாது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் முறை

மிச்சமிருந்த 44 ஃபைல்களை முதலில் கண்ணால் பார்த்துக் காட்சிவாரியாகப் பிரித்தேன். நிட்டிங், கோன் ஸ்டாண்ட், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஏழு போல்டர்கள். ஒவ்வொரு ஃபைலின் முதல் சில வினாடிகளைப் பார்த்தாலே போதும் என்பதால் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு போல்டருக்குள்ளும் மட்டும் ஒப்பிடச் செய்தேன். ஒரே ஒரு முறை எடுத்த காட்சிக்கு ஒப்பிடத் துணை இல்லை. அதைப் பற்றித் தீர்ப்பே சொல்லாமல் "நீயே பார்" என்று எழுதச் செய்தேன்.

புரோகிராம் 12 ஃபைல்களைச் சந்தேகம் என்று குறித்தது. அவற்றை மட்டும் முழுதாகப் பார்த்தேன். 10 உண்மையிலேயே மோசம், 2 நல்லவை. மொத்தம் மோசமானவை 11 என்பதால் ஒன்றை அது பிடிக்கவில்லை. அந்தக் காட்சியில் கட்டிங் மாஸ்டர் மேசை முன் நிற்கிறார். ஃபோகஸ் அவர் மேல் விழாமல் பின்சுவரில் தொங்கும் காலண்டர் மேல் விழுந்துவிட்டது. காலண்டரின் கட்டங்கள் கூர்மையாக இருப்பதால் மதிப்பெண் உயர்ந்துவிட்டது. படத்தில் யார் முக்கியம் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இந்தக் குறைகள் எல்லாம் இருந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டியதை அரை மணியில் முடித்தேன். எனவே புரோகிராமே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அது எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டட்டும், தீர்ப்பு நம்முடையதாக இருக்கட்டும் என்கிறேன். வீடியோ எடிட்டிங் மென்பொருள்களும் இதையே செய்கின்றன. 2011இல் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், கை ஆடிய பகுதியைக் கண்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் `Excessive Shake` என்று ஒரு சீட்டு ஒட்டியது. ஃபைலை அழிக்கவில்லை. நாற்பது வினாடிக் காட்சியில் ஆறு வினாடி ஆடியிருந்தால், மீதி முப்பத்து நான்கு வினாடி நமக்கு மிச்சம். நான் முதலில் எழுதியதோ அந்த நாற்பதையும் சேர்த்துத் தூக்கியெறிந்தது.

"மூன்று மாதம் பொறுத்து அழித்தால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சந்தேகக் குறி விழுந்தவற்றைக் கண்ணால் பார்த்து, வீடியோவை அனுப்பி முடித்து, இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பியும் இருந்தால் தாராளமாக அழியுங்கள். கணியூரில் அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

மாமாவின் வீடியோ ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆர்டரும் வந்தது. பழைய மெசின் காட்சி மட்டும் அதில் இல்லை. அதை ஒரே ஒரு முறைதான் எடுத்திருந்தார்கள், வெள்ளைத் துணி இறங்கும் பகுதியை நெருக்கத்தில் வைத்து. புரோகிராம் எழுதிய குறிப்பை இப்போதும் வைத்திருக்கிறேன். அந்த ஃபைலின் பெயருக்கு நேரே "மங்கல் 41" என்று இருக்கிறது. செக்கிங் டேபிளில் துணியின் கண்ணி வரை தெரிந்த காட்சி வாங்கியதே 58தான். 41 என்பது மங்கலா, வெறும் வெள்ளைத் துணியா என்று இனிச் சொல்ல முடியாது. மாமா பளிச்சென்று இருந்தது என்கிறார். அவர் சொல்வதையே நம்புகிறேன்.